டெல்டா எது: வர்க்கமூலமா, min(1, ε/9)-ஆ?

x ஆனது 3-ஐ நெருங்கும்போது 2x² − 5x + 1 இன் எல்லை 4. இதை எப்சிலான்-டெல்டா முறையில் நிறுவ எந்த வழியில் போனாலும் முதல் வரி ஒன்றுதான்:

|2x² − 5x + 1 − 4| = |x − 3| · |2x + 1|

|x − 3| நம் கையில் இருக்கிறது, டெல்டா அதைப் பிடித்துக்கொள்ளும். |2x + 1| அப்படியில்லை. x நகர நகர அதுவும் நகரும். அதை என்ன செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பலருக்கும் முதலில் தோன்றுவது δ = ε/|2x + 1| என்று எழுதிவிடுவது. இது செல்லாது. எப்சிலான் கையில் வந்ததும் டெல்டாவைச் சொல்லிவிட வேண்டும். x அதற்குப் பிறகுதான் வருகிறது. இன்னும் வராத x-ஐ வைத்து டெல்டாவை எப்படிச் சொல்வது?

சரி, பாடநூல்களில் வழக்கமாக வரும் வழிக்கு வருவோம். x எப்படியும் 3-க்குப் பக்கத்தில்தான் இருக்கப்போகிறது. அதனால் |x − 3| < 1 என்று முதலிலேயே ஒரு வேலி போட்டுக்கொள்ளலாம். அப்போது x 2-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். 2x + 1 ஆனது 5-க்கும் 9-க்கும் இடையில் இருக்கும். ஓடிக்கொண்டிருந்த காரணி 9-ஐத் தாண்டாது என்று ஆகிவிட்டது. நிறுவல் இவ்வளவுதான்: ε > 0 எதுவானாலும் δ = min(1, ε/9) என்க. 0 < |x − 3| < δ எனில், δ ≤ 1 என்பதால் |2x + 1| < 9. δ ≤ ε/9 என்பதால் |x − 3| < ε/9. இரண்டையும் பெருக்கினால் ε-ஐ விடக் குறைவு.

இதில் min-ஐ விட்டுவிட்டு δ = ε/9 என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? ε = 18 என்று வைத்துப் பாருங்கள். டெல்டா 2 ஆகிறது. x = 4.9 அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் சார்பின் மதிப்பு 24.52, அதாவது 4-இலிருந்து 20.52 தள்ளி. 18-ஐத் தாண்டிவிட்டது. வேலிக்கு வெளியே போனதும் 9 என்ற எண்ணுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சின்ன எப்சிலானில் இந்தப் பிழை கண்ணில் படாது, அதனால்தான் எளிதில் தப்பிவிடுகிறது.

வேலி 1-ஆகத்தான் இருக்க வேண்டுமா? இல்லை. 1/2 போட்டால் |2x + 1| < 8, எனவே δ = min(1/2, ε/8). வேலியை நெருக்க நெருக்க அந்த எண் 7-ஐ நோக்கி இறங்கும். 3-இல் இந்தச் சார்பின் வகைக்கெழு 4·3 − 5, அதே 7. பார்க்க அழகான விஷயம், ஆனால் நிறுவலுக்கு இதனால் லாபம் எதுவும் இல்லை. 1 போட்டால் கணக்கு மனதிலேயே முடிந்துவிடும் என்பதால் நான் அதையே எடுப்பேன். எதிர்ம எண்கள் வரும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். x → −3 எனும்போது x²-க்கு இதே வேலையைச் செய்தால் |x² − 9| = |x + 3| · |x − 3|, இதில் ஓடும் காரணியான x − 3 ஆனது −7-க்கும் −5-க்கும் இடையில் வரும். மட்டு எடுக்கும்போது மேல்வரம்பு 7, வலது ஓரத்தில் தெரியும் 5 அல்ல.

அப்புறம், வேலியே போடாத வழியும் உண்டு. h = x − 3 என்று வைத்தால் வித்தியாசம் |h| · |2h + 7|. முக்கோணச் சமனிலிப்படி இது 2|h|² + 7|h|-ஐத் தாண்டாது. எனவே 2δ² + 7δ = ε என்ற சமன்பாட்டின் நேர்ம மூலத்தையே டெல்டாவாக எடுக்கலாம்:

δ = (√(49 + 8ε) − 7)/4

எப்சிலான் எவ்வளவு பெரிதானாலும் இது செல்லும், min தேவையில்லை. இதைவிடப் பெரிய டெல்டாவும் கிடையாது, ஏனென்றால் x = 3 + δ என்ற புள்ளியில் வித்தியாசம் சரியாக ε ஆகிவிடுகிறது. ε = 0.1-க்கு இது சுமார் 0.0142 தருகிறது, வேலி வழி தருவது சுமார் 0.0111.

அந்த இடைவெளி எனக்குப் பொருட்டாகப் படவில்லை. எல்லையின் வரையறை ஏதாவது ஒரு டெல்டாவைத்தான் கேட்கிறது, மிகப் பெரியதை அல்ல. எவ்வளவு தூரம் வரை போகலாம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டிய கணக்கென்றால் வர்க்கமூலத்தை எடுங்கள். நிறுவலுக்கு வேலிதான் என் தேர்வு. காரணம், அடுத்த கணக்கு இருபடியாக இருக்காது. 3-இல் x³ + x-க்கு மூலம் தேடிப் போனால் முப்படிச் சமன்பாட்டில் மாட்டிக்கொள்வோம். வேலி வழியில் x² + 3x + 10 என்ற காரணி x < 4 என்பதால் 38-க்குள் அடங்கும், δ = min(1, ε/38).