கலப்புப் பேச்சை எழுத்தாக்கும்போது: எந்த ஆங்கிலச் சொல்லை விடுவது, எதை மாற்றுவது?

ஒரு கிராம சுகாதார செவிலியரின் பேட்டி, சுகாதார இதழ் ஒன்றில் கேள்வி-பதிலாக வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே எழுதியதில் மாதிரிக்கு ஒரு பத்தி:

> ஸோ, ஆக்சுவலி அந்தம்மாவுக்கு ஆறு வருஷமா சுகர். டேப்லெட்டக் கரெக்டா எடுத்துக்கல. ஃபாஸ்டிங்ல பாத்தா 240. டாக்டர் இன்சுலின் ஸ்டார்ட் பண்ணலாம்னு சொன்னாரு. பட் அவங்க, இன்சுலின் போட்டா அவ்ளோதான், லாஸ்ட் ஸ்டேஜ்னு பயந்துட்டாங்க. நான் டெய்லி வீட்டுக்குப் போயி கவுன்சிலிங் பண்ணேன்.

இதைச் செப்பனிட மூன்று வழிகள் உண்டு. பேசியதை அப்படியே விட்டுவிடலாம், எல்லாவற்றையும் தமிழாக்கலாம், அல்லது சொல் சொல்லாகப் பார்த்து முடிவெடுக்கலாம்.

அப்படியே விடுவது மொழி ஆய்வுக்கும் வழக்கு ஆவணத்துக்கும் சரி. அங்கே யார் எப்படிப் பேசினார் என்பதே சான்று. 'ஸோ'வைக் கூட எடுக்கக்கூடாது. அச்சில் படிப்பவருக்கு அது ஒத்துவராது. காதில் நழுவிப் போகிற 'ஆக்சுவலி' தாளில் ஒவ்வொரு முறையும் கண்ணை உறுத்தும். நாலு பத்தி தாண்டுவதற்குள், செவிலியர் சொன்னது என்ன என்பது போய், அவர் பேசுகிற விதமே முன்னால் வந்து நிற்கும். அவருக்கு அது நியாயமல்ல.

முழுக்கத் தமிழாக்கினால் இப்படி வரும்:

> ஆகவே, உண்மையில் அந்த அம்மையாருக்கு ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. மாத்திரைகளைச் சரியாக உட்கொள்ளவில்லை. வெறும் வயிற்றில் பரிசோதித்ததில் 240. மருத்துவர் இன்சுலின் தொடங்கலாம் என்றார். ஆனால் அவர், இன்சுலின் செலுத்தினால் இறுதிக் கட்டம் என அஞ்சினார். நான் நாள்தோறும் இல்லம் சென்று உளவள ஆலோசனை வழங்கினேன்.

பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பொருள் பல இடங்களில் மாறிவிட்டது. பேச்சில் 'ஸோ' வெறும் தொடக்க ஒலி. 'ஆகவே' என்றதும் முன்னால் ஏதோ காரணம் சொன்னது போல ஆகிறது. 'உண்மையில்' என்றால் யாரோ வேறு மாதிரி சொன்னதை அவர் மறுப்பதாகத் தோன்றும். 'ஆனால் அவர்' என்ற இடத்தில் பயந்தது யார், மருத்துவரா நோயாளியா? பேச்சில் 'சொன்னாரு', 'பயந்துட்டாங்க' என்ற இரண்டு வினைமுடிவுகளே அந்தக் குழப்பத்தைத் தவிர்த்திருந்தன. எழுத்து நடைக்கு மாற்றியதில் 'என்றார்', 'அஞ்சினார்' என்று இரண்டுக்கும் ஒரே முடிவு வந்துவிட்டது. ஆங்கிலத்தை நீக்கப் போய் நடையையும் சேர்த்து மாற்றுவதுதான் இந்த வழியில் அடிக்கடி நடக்கிற கேடு. இரண்டும் வேறு வேறு வேலை.

இந்த வழிக்கும் இடம் இருக்கிறது. பேட்டியைக் கேள்வி-பதிலாகப் போடாமல், கட்டுரையாளர் தன் குரலில் சுருக்கி எழுதினால், 'ஆறு ஆண்டுகளாக நீரிழிவு உள்ள பெண்' என்று தாராளமாக எழுதலாம். அது கட்டுரையாளரின் வாக்கியம். மேற்கோள் குறிக்குள் போனால் அது செவிலியரின் வாய்ச்சொல்.

மூன்றாவது வழியில், அகராதியைத் திறப்பதற்கு முன் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி. 'ஸோ', 'ஆக்சுவலி' இரண்டும் இங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. மாற்ற வேண்டாம், எடுத்துவிடலாம். 'பட்' அப்படியல்ல. மருத்துவர் சொன்னதற்கும் நோயாளியின் பயத்துக்கும் நடுவே உள்ள முரணை அது சொல்கிறது. அதனால் அது 'ஆனா' ஆகும். 'டேப்லெட்', 'கரெக்டா', 'ஸ்டார்ட் பண்ணலாம்', 'டெய்லி' நான்குக்கும் அதே செவிலியர் வாயில் மற்ற நேரம் வரக்கூடிய சொற்கள் தயாராக இருக்கின்றன: மாத்திரை, சரியா, ஆரம்பிக்கலாம், தினமும். 'உட்கொள்ள' என்று அவர் ஒருபோதும் சொல்லமாட்டார் என்றால் அது அவர் பேட்டியில் வரக்கூடாது.

'ஃபாஸ்டிங்' கவனமாகக் கையாள வேண்டிய சொல். நெருடுகிறதே என்று எடுத்துவிட்டால் 240 என்ற எண் பொருளிழக்கும். வெறும் வயிற்றில் 126 தொட்டாலே சர்க்கரை நோய்க்கான வரம்பு. சாப்பிட்ட பிறகு எடுத்த அளவுக்குக் கணக்கே வேறு. 'வெறும் வயித்துல' என்று மாற்றலாம், நீக்கக்கூடாது.

'சுகர்' இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பேச்சில் அது நோயின் பெயர், இரத்தத்தில் உள்ள அளவின் பெயரும் கூட. 'ஆறு வருஷமா சுகர்' என்பதை 'நீரிழிவு' ஆக்கினால், அடுத்த பக்கத்தில் 'சுகர் ஏறிடுச்சு' என்று வரும்போது 'நீரிழிவு ஏறிடுச்சு' என்று எழுத முடியாது. இலங்கை வாசகர்களுக்கான இதழானால் முடிவு மாறலாம். அங்கே 'நீரிழிவு' புழக்கத்தில் உள்ள சொல்.

'லாஸ்ட் ஸ்டேஜ்' நோயாளியின் பயம் பேசுகிற சொல். 'இறுதிக் கட்டம்' என்றால் சிகிச்சையின் கடைசிப் பகுதி என்றும் படிக்கலாம். 'லாஸ்ட் ஸ்டேஜ்' என்றால் சாவு நெருங்கிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். 'கவுன்சிலிங்' இன்னும் நுட்பமானது. அவர் மனநல ஆலோசனையைச் சொல்லவில்லை, உட்கார்ந்து எடுத்துச் சொன்னதைச் சொல்கிறார் என்றே தோன்றுகிறது. ஆனால் அது நம் ஊகம். அவரிடம் கேட்டு 'எடுத்துச் சொன்னேன்' என்று மாற்றலாம். கேட்க வழியில்லை என்றால் அவர் சொல்லையே விட்டுவிடுவது நேர்மை.

> அந்தம்மாவுக்கு ஆறு வருஷமா சுகர். மாத்திரையைச் சரியா எடுத்துக்கல. வெறும் வயித்துல பாத்தா 240. டாக்டர் இன்சுலின் ஆரம்பிக்கலாம்னு சொன்னாரு. ஆனா அவங்க, இன்சுலின் போட்டா அவ்ளோதான், லாஸ்ட் ஸ்டேஜ்னு பயந்துட்டாங்க. நான் தினமும் வீட்டுக்குப் போயி கவுன்சிலிங் பண்ணேன்.

பேட்டி நீளமானால் ஒரே சொல் முப்பது இடத்தில் வரும். முடிவுகளை ஒரு தனித்தாளில் எழுதி வையுங்கள்: சொல், அதன் எழுத்துக்கூட்டல், விடுவதா மாற்றுவதா, ஏன். இல்லையென்றால் மூன்றாம் பக்கத்தில் 'டாக்டர்', ஏழாம் பக்கத்தில் 'மருத்துவர்' என்று ஒரே ஆள் இரண்டு பேராவார்.

மொத்தமாகத் தேடி மாற்றும் வசதியை நம்பாதீர்கள். 'டேப்லெட்' என்று புள்ளியோடு தேடினால் 'டேப்லெட்டை' அகப்படும், ஏனென்றால் அங்கே ட் இரட்டிக்கிறது. 'சுகர்' என்று தேடினால் 'சுகரை', 'சுகருக்கு' இரண்டும் தப்பிவிடும். அங்கே ர் மேல் புள்ளி இல்லை. கடைசி எழுத்தை விட்டு 'சுக' வரை தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் போங்கள். 'சுகமா' கூட வரும், அதைத் தாண்டிப் போகலாம்.

மாற்றிய இடத்தில் ஒட்டிவரும் ஒற்றும் உருபும் கூடவே மாறும். 'டேப்லெட்டக் கரெக்டா' என்பதில் வல்லினம் க். 'சரியா' வந்ததும் அது 'மாத்திரையைச் சரியா' ஆக வேண்டும். பழைய க் அங்கேயே தங்கிவிடுவது அச்சில் அடிக்கடி காணும் பிழை. வேற்றுமை உருபும் அப்படித்தான்: 'டேப்லெட்ல' என்பது 'மாத்திரைல' என்றோ 'மாத்திரையில' என்றோ ஆகும், எது என்று தாளில் முன்பே எழுதிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டு, திருத்திய பிரதியைக் கூடவே வாய்விட்டுப் படியுங்கள். எந்த வாக்கியம் அவர் குரலில் ஒலிக்க மறுக்கிறதோ அங்கே கை அதிகம் பட்டிருக்கிறது. கை வைக்காத மூலப் பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருந்தால்தான் அந்த இடத்தைத் திரும்ப எடுக்க முடியும்.