கோட் வரவில்லையா? எந்தப் பெட்டிக்குப் போனது என்று முதலில் பாருங்கள்

சில வருடங்களாகக் காசு கட்டிப் பாட்டுக் கேட்கும் ஒரு சேவையைப் பற்றிச் சொல்கிறேன். பாட்டுத் தரத்தில் குறை இல்லை. வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துவிட்டால், கொழும்பு பஸ்ஸில் சிக்னல் போனாலும் பாட்டு நிற்காது. என் ஒரே மனக்குறை, போன் மாற்றும்போது வரவேண்டிய ஆறு இலக்கக் கோட். அது வராமல் போனால் சேவைக்காரரிடமிருந்து ஒரு விளக்கமும் கிடைக்காது.

பெரியம்மா புதுப் போன் வாங்கியபோது அதுதான் நடந்தது. "தம்பி, அனுப்பிட்டம் எண்டு சொல்லுது, ஆனா ஒண்டும் வரேல்லை" என்று போனை நீட்டினார். அதற்குள் 'மீண்டும் அனுப்பு' பொத்தானைப் பல தடவை அழுத்தியிருந்தார். பொதுவாகப் புதுக் கோட் கேட்டவுடன் பழையது செல்லாமல் போய்விடும். அடுத்தடுத்துக் கேட்டால் சிறிது நேரத்துக்கு அனுப்புவதையே நிறுத்தியும் வைப்பார்கள். ஒருமுறை கேட்டுவிட்டுப் பத்து நிமிடமாவது பொறுப்பது நல்லது.

நான் முதலில் பார்த்தது திரையில் இருந்த முகவரியை. முழு முகவரியைக் காட்டாமல் முதல் எழுத்தையும் சில புள்ளிகளையும் மட்டும் காட்டுவார்கள். பெரியம்மாவின் ஈமெயில் r இல் தொடங்கும். திரையில் இருந்ததோ s. அவருடைய முதல் போனை வாங்கிய கஸ்தூரியார் வீதிக் கடையிலேயே பிளே ஸ்டோருக்காக ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருந்தார்கள். பாட்டுக் கணக்கு அதில்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இப்படிக் கடைக்காரர் திறந்து கொடுத்த ஈமெயில் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ!

சில சேவைகள் அந்த முதல் எழுத்தைக்கூடக் காட்டாது. 'இந்த முகவரியில் கணக்கு இருந்தால் மெயில் அனுப்பப்படும்' என்று மட்டும் சொல்லும். அந்த 'இருந்தால்' என்பதைக் கவனியுங்கள். கணக்கு இல்லாத முகவரியைக் கொடுத்தாலும் இதே வாசகம்தான் வரும். யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. அப்படிக் கணக்கில்லாத முகவரியைக் கொடுத்திருந்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் மெயில் வராது.

நல்ல காலம், பழைய போனை ரீசெட் பண்ணவில்லை. அதன் செட்டிங்ஸில் 'கூகுள்' பகுதியைத் திறந்தால் s முகவரி அப்படியே இருந்தது. அந்தக் கணக்குக்கு மாறி, ஜிமெயில் தேடல் பெட்டியில் இதைப் போட்டேன்:

```
in:anywhere newer_than:1d
```

சாதாரணத் தேடல் ஸ்பாமையும் குப்பையையும் விட்டுவிடும். இப்படிப் போட்டால் எல்லா இடமும் அகப்படும். ஆனால் திறந்திருக்கும் கணக்கில் மட்டுந்தான் தேடும். போனில் இரண்டு ஈமெயில் இருந்தால் ஒவ்வொன்றாக மாறிப் பார்க்க வேண்டும்.

அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, என்னுடைய ஈமெயிலிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு மெயில் போட்டுப் பார்த்தேன். பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பி வந்தது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை மெயிலும் போட்டோக்களும் சேர்ந்துதான் பங்கு போடுகின்றன. பேரப்பிள்ளைகளின் வீடியோக்களே அதை அடைத்திருந்தன. பெரிய வீடியோக்களைப் போனுக்கு இறக்கி வைத்துவிட்டு, அங்கே அழித்து, குப்பையையும் காலி பண்ணினேன். அப்புறம் என் மெயில் போய்ச் சேர்ந்தது. பாட்டுச் சேவையின் மெயில் மட்டும் அப்போதும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுவார்கள். திரும்பி வந்த முகவரிகளை அனுப்புபவரின் மெயில் அமைப்பு ஒரு தடைப் பட்டியலில் போட்டு வைப்பதுண்டு. நீங்கள் பெட்டியைச் சுத்தம் பண்ணினாலும் அந்தப் பட்டியல் தானாக அழியாது. மற்றவர்களின் மெயில் வருகிறது, இவர்களுடையது மட்டும் ஸ்பாமில்கூட இல்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உதவிப் பிரிவுக்கு முகவரியையும், கடைசியாகக் கார்டில் காசு பிடித்த திகதியையும் தொகையையும் எழுதி, தடைப் பட்டியலில் இருந்தால் நீக்கும்படி கேட்டேன். நீக்கினார்கள், அடுத்த கோட் உடனே வந்தது. 'ஸ்பாமைப் பாருங்கள்' என்ற ஆயத்தப் பதில்தான் முதலில் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோட் எஸ்எம்எஸ்ஸில் வருவதென்றால் தேடும் இடங்கள் குறைவு. நாட்டுக் குறியீடு +94 என்று போட்ட பிறகு இலக்கத்தின் முதல் பூச்சியத்தை விட்டுவிட வேண்டும். கூகுள் மெசேஜஸ் வைத்திருப்பவர்கள் அதன் மெனுவில் 'Spam & blocked' பகுதியையும் திறந்து பாருங்கள். கைவிட்ட பழைய சிம்மின் இலக்கம் கணக்கில் இருந்தால் தேடிப் பயனில்லை. அது வேறொருவர் கைக்குப் போயிருக்கவும் கூடும். நேரே உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.

பெரியம்மாவின் கணக்கை r முகவரிக்கு மாற்றிவிட்டோம். அதை உறுதிசெய்யும் மெயில் புரமோஷன்ஸ் தாவலுக்குள் போய்க் கிடந்தது.