மாதிரி விடையா, புள்ளிவாரி ஸ்கீமாவா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் ஆறேழு பேர் கூடி எஸ்பிஎம் அறிவியல் தேர்வுக்குப் படிக்கும்போது, மாதிரித் தேர்வுக்குக் கேள்விகளைத் திரட்டுவது பெரிய வேலையே இல்லை. திருத்துவதில்தான் சிக்கல். பாதித் தாளை டியூஷன் ஆசிரியர் பார்ப்பார், மீதியைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் அக்கா பார்ப்பார். ஒரே மாதிரியான விடைக்கு இருவரிடமும் வெவ்வேறு புள்ளி விழுந்தால், பிள்ளை எங்கே பலவீனம் என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

முதல் தாளின் 40 பல்தேர்வுக் கேள்விகளுக்கும் விடைப் பட்டியல் போதும். அமைப்புக் கேள்விகளுக்குத்தான் இரண்டு வழிகள். ஒன்று, முழு மதிப்புப் பெறும் விடையைப் பத்தியாக எழுதிவைத்து அதோடு ஒப்பிடுவது. மற்றொன்று, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கருத்து என்று பிரித்து, திருத்துபவருக்கு வழிகாட்டும் ஸ்கீமா எழுதுவது. நான் இரண்டாவது வழியின் பக்கம்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம்: ‘செம்பனைத் தோட்டத்தில் போட்ட உரம் மழையில் அடித்துக்கொண்டு பக்கத்துக் குளத்தில் சேர்கிறது. சில வாரங்களில் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஏன் என்று விளக்குக. [4 புள்ளி]’

ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது: ‘உரத்தால் பாசி பெருகுகிறது. பாசி ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால் மீன் சாகிறது.’ மாதிரி விடையோடு ஒப்பிடுபவருக்குப் பாசி, ஆக்சிஜன், மீன் என்று எல்லாச் சொற்களும் கண்ணில் படும். ஒருவர் 3 போடுவார், இன்னொருவர் 2 போடுவார். இருவரிடமும் காரணம் இருக்கும்.

ஸ்கீமா இருந்தால் இப்படி நிற்கும். முதல் புள்ளி: உரத்திலுள்ள நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளால் பாசி விரைவாகப் பெருகும். இரண்டாவது: பாசி நீர்ப்பரப்பை மூடி ஒளியைத் தடுக்கும். மூன்றாவது: அடியிலுள்ள தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாமல் சாகும். நான்காவது: இறந்தவற்றைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகி, நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பயன்படுத்திவிடும். மீன் சாகும் என்பது கேள்வியிலேயே இருப்பதால் அதற்குப் புள்ளி கிடையாது. நம் பிள்ளைக்குக் கிடைப்பது 1.

இங்கேதான் ஸ்கீமாவின் மிக முக்கியமான பகுதி வருகிறது. நான்கு கருத்துகளுக்குக் கீழே எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று எழுதிவைக்க வேண்டும். ‘சத்து’ என்று மட்டும் எழுதினால் ஏற்கலாம், நைட்ரேட் என்ற பெயர் கட்டாயமில்லை. ‘உரத்தின் நச்சால் மீன் சாகும்’ என்பதை ஏற்கக் கூடாது. ‘பாசி ஆக்சிஜனை உறிஞ்சும்’ என்பதற்கு ஒரு தெளிவான முடிவு வேண்டும். பாசியும் சுவாசிக்கிறது, வெயில் இல்லாத இரவில் அது ஆக்சிஜனைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே சோதிக்கப்படுவது சிதைக்கும் பாக்டீரியாவின் வேலை. அதனால் நான்காவது புள்ளி கிடையாது என்று எழுதிவைத்துவிட்டால் திருத்தும் நேரத்தில் வாக்குவாதம் வராது. இரண்டு காரணம் கேட்டதற்கு நான்கு எழுதினால் முதல் இரண்டை மட்டும் பார்ப்பது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போகும் பழக்கம் வளரும்.

வரிசையும் முக்கியம். கேள்வியை எழுதிய கையோடு ஸ்கீமாவையும் எழுதிவிடுங்கள். நான்கு கருத்தைத் தேடி எடுக்க முடியாத கேள்விக்கு 4 புள்ளி என்று அச்சடித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். தேர்வு முடிந்ததும் இரண்டு பிள்ளைகளின் தாள்களைத் திருத்துபவர்கள் இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிட வேண்டும். புள்ளி வேறுபடும் இடத்தில் ஏற்கலாம், கூடாது என்ற வரியைச் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்கீமாவில் கைவைக்கக் கூடாது. ஒரு பிள்ளையின் தாளை முழுதாக முடிக்காமல், எல்லாப் பிள்ளைகளின் ஐந்தாவது கேள்வியையும் முடித்துவிட்டு ஆறாவதற்குப் போவது நல்லது. முதலில் எடுக்கும் பிள்ளையின் தாளில் தாராளமாகவும் கடைசிப் பிள்ளையின் தாளில் கறாராகவும் திருத்துவது இதனால் குறையும்.

கணக்குக் கேள்வியில் ஒரு சிறு சேர்க்கை வேண்டும். (அ) பகுதியில் முடுக்கத்தைத் தவறாகக் கண்டுபிடித்த பிள்ளை, அந்தத் தவறான எண்ணை வைத்தே (ஆ) பகுதியில் விசையைச் சரியான முறையில் கணக்கிட்டிருந்தால் (ஆ)வுக்கான புள்ளியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே தவறுக்கு இருமுறை தண்டிப்பது நியாயமில்லை. மாதிரி விடையோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் பூஜ்யம்தான் விழும்.

மாதிரி விடை பயனற்றது என்று சொல்ல மாட்டேன். எழுதுவதற்கு நேரம் குறைவு, தனியாகத் திருத்துபவருக்கு ஓரளவு ஒத்துவரும். நீண்ட விடை கேட்கும் பகுதியில், கருத்துகள் ஒன்றோடொன்று கோத்து வரவேண்டிய இடத்தில், புள்ளிவாரி ஸ்கீமா எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எனக்கும் முழு உறுதி இல்லை. அங்கே இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வேன். திருத்தி முடித்த பிறகு பிள்ளைகளின் கையில் கொடுக்க மாதிரி விடையே நல்லது. நான்கு கருத்தும் ஒரே பத்தியில் எப்படித் தொடர்கின்றன என்பதை அதில்தான் பார்க்க முடியும்.