பாட்டுத் தொகுப்பைச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என்னிடம் 5,212 பாட்டு ஃபைல்கள் இருந்தன. பல வருடங்களாகச் சேர்த்தவை. சிலவற்றில் டேக், அதாவது ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும் தலைப்பு, பாடகர், ஆல்பம் விவரம், சரியாக இருக்கும், ஃபைல் பெயர் கன்னாபின்னா என்று இருக்கும், சிலவற்றில் நேர்மாறு. பாதிக்கு மேல் அட்டைப்படம் கிடையாது. நானே உட்கார்ந்து சரிசெய்ய நேரமில்லை என்று, இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் முழுப் பணத்தையும் முன்னதாகவே கொடுத்து ஹார்ட் டிஸ்க்கை ஒப்படைத்தேன். நான்கே நாளில் திரும்பி வந்தது. "எல்லாம் சுத்தமாகிவிட்டது சார், ஒரே சீராகப் பெயர் வைத்திருக்கிறேன்" என்றார்.

பெயர்கள் சீராகத்தான் இருந்தன. ஆனால் 151 ஃபைல்களைக் காணவில்லை.

முதலில் எனக்கு அது தெரியவே இல்லை. ஆல்பங்களைத் திறந்தால் பளபளவென்று அட்டைப்படம், `01 - ` என்று தொடங்கும் பெயர்கள். பார்க்க அழகாக இருந்தது. பிறகுதான் என் பாட்டு ஆசிரியையின் பதிவுகளைத் தேடினேன். வகுப்பில் அவர் பாடிக் காட்டியதை அந்தக் காலத்தில் கேசட்டில் பதிந்து வைத்திருந்தேன். மொத்தம் 14 கேசட்டுகள். அவற்றைக் கணினிக்கு மாற்றியபோது 154 ஃபைல்கள் ஆயின. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு நானே பெயர் தட்டச்சு செய்தேன். `Cassette 12` என்ற ஃபோல்டருக்குள் `03 - மூன்றாம் பயிற்சி மெதுவாக.mp3` என்பது போல இருக்கும். பெயரைத்தான் மாற்றினேனே தவிர, ஃபைலுக்குள் இருக்கும் டேக்கை நான் தொடவில்லை. கேசட்டை வெட்டிக் கொடுத்த மென்பொருள் தலைப்பு என்ற இடத்தில் போட்ட `Track 03` அப்படியே இருந்தது. பாடகர், ஆல்பம் இரண்டும் காலி.

இப்போது அந்த 14 ஃபோல்டர்களும் இல்லை. அதற்குப் பதில் `Unknown Artist\Unknown Album` என்று ஒரே ஒரு ஃபோல்டர். உள்ளே `01 - Track 01.mp3` முதல் `16 - Track 16.mp3` வரை 16 ஃபைல்கள்.

154 எப்படி 16 ஆனது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் செய்தது இதுதான்: எல்லாவற்றையும் ஒரு தானியங்கி மென்பொருளில் போட்டு, ஒலியை வைத்து இணையத் தரவுத்தளத்தில் தேடி டேக் நிரப்பினார். என் ஆசிரியையின் குரல் எந்தத் தரவுத்தளத்திலும் இருக்காது அல்லவா, அதனால் அந்த ஃபைல்களின் டேக் மாறவில்லை. அடுத்து, "டேக்கைப் பார்த்து ஃபைல் பெயரை மாற்று, ஃபோல்டருக்கு நகர்த்து" என்று ஒட்டுமொத்தமாக ஒரு கட்டளை. 14 கேசட்டிலும் மூன்றாவது ஃபைலின் புதுப்பெயர் `03 - Track 03.mp3` தான். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் ஒரு ஃபைல்தான் இருக்க முடியும். அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் "மேலெழுது" என்று வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு கேசட்டும் முந்தைய கேசட்டை அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் மிஞ்சியது 16, ஏனென்றால் இருந்ததிலேயே நீளமான ஆறாவது கேசட்டில் 16 ஃபைல்கள். உங்கள் தொகுப்பில் எங்காவது இப்படி `Track 01` வரிசை ஒரே ஒரு தடவை மட்டும் இருந்தால், அதன் அடியில் வேறு ஆல்பங்கள் புதைந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

மீதி 13 ஃபைல்கள் போனதும் இதே வழியில்தான். ஒரே பாட்டின் பழைய பதிப்பும், பின்னாளில் ஒலியைத் துலக்கி வெளியிட்ட பதிப்பும் என்னிடம் இருந்தன. ஒலியை ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே டேக், ஒரே பெயர், ஒன்று காலி.

அவரிடம் கேட்டேன். "சார், டேக்கே இல்லாத ஃபைலுக்கு நான் எப்படிப் பெயர் வைக்க முடியும்?" என்றார். பெயர்தான் ஏற்கெனவே இருந்ததே! அந்த 154 ஃபைல்களில் உண்மை சொன்னது பெயர் மட்டும்தான். டேக் பொய். அவர் பொய்யை வைத்து உண்மையை அழித்துவிட்டார். வேலையைத் தொடங்கும் முன் "உங்கள் தொகுப்பில் பெயரை நம்பவா, டேக்கை நம்பவா" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள். பணமும் திரும்ப வரவில்லை.

சரி, அழிந்ததை மீட்கும் மென்பொருள் போட்டால் கிடைக்காதா? போட்டேன், கிடைக்கவில்லை. இதற்குக் காரணம் அட்டைப்படம் என்றால் நம்ப மாட்டீர்கள். பெயர் மாற்றிய பிறகு, கிடைத்த ஆல்பங்களுக்கெல்லாம் 3000 × 3000 பிக்சல் படங்களை ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் பதித்திருக்கிறார். எம்பி3யில் டேக் பெரும்பாலும் ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும். அங்கே கொஞ்சம் காலி இடம் விட்டிருப்பார்கள்; தலைப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். 3 எம்பி படம் அதற்குள் அடங்காது. அதனால் முழு ஃபைலையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். ஏறக்குறைய ஐயாயிரம் ஃபைல்கள் அப்படித் திரும்ப எழுதப்பட்டு, டிஸ்க்கில் கூடுதலாக 15 ஜிபி ஏறியிருந்தது. அழிந்த பாட்டுகள் கிடந்த இடமெல்லாம் அதில் நிரம்பிவிட்டது. உங்களுக்கு இப்படி நடந்தால், கண்டுபிடித்த அந்த நிமிடமே டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு டேக்கைக்கூட அதில் திருத்தாதீர்கள்.

பாட்டுக்குள் பதிக்க 600 × 600 ஜேபெக் தாராளம்; பெரும்பாலும் 100 கேபி சுற்றித்தான் வரும். பெரிய படம் வேண்டுமென்றால் ஆல்பம் ஃபோல்டரில் `cover.jpg` என்று ஒரு தடவை வைத்தால் போதுமே, பன்னிரண்டு பாட்டுக்கும் பன்னிரண்டு தடவை எதற்கு?

பழைய லேப்டாப்பில் முதல் 11 கேசட்டுகளின் நகல் இருந்தது, 122 ஃபைல்கள். மிஞ்சிய அந்த 16 எந்தெந்தக் கேசட்டைச் சேர்ந்தவை என்று பார்க்க ffmpeg என்ற மென்பொருளின் இந்தக் கட்டளை உதவியது:

```
ffmpeg -v error -i "03 - Track 03.mp3" -map 0:a -c copy -f md5 -
```

இது டேக்கையும் படத்தையும் விட்டுவிட்டு ஒலிக்கு மட்டும் ஓர் அடையாள எண் தரும். பெயரும் டேக்கும் எப்படி மாறியிருந்தாலும், ஒலியைத் தொடாதவரை எண் மாறாது. லேப்டாப் நகலோடு ஒப்பிட்டதில் 13 முதல் 16 வரையிலான நான்கும் ஆறாவது கேசட்டுடையவை என்று தெரிந்தது. மற்ற 12க்கு லேப்டாப்பில் ஜோடி இல்லை. அதாவது அவை 12, 13, 14ஆம் கேசட்டுகளிலிருந்து வந்தவை.

அவற்றின் பெயரைக் கண்டுபிடிக்க உதவியது எதிர்பாராத ஒன்று: ஃபோனில் இருந்த பழைய பிளேலிஸ்ட். அந்த `.m3u8` ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரிகள் இருக்கும்.

```
#EXTINF:247,Track 03
Cassette 12/03 - மூன்றாம் பயிற்சி மெதுவாக.mp3
```

247 என்பது வினாடிகளில் நீளம். கீழ்வரி பழைய பெயர். 12 ஃபைல்களின் நீளத்தையும் இதோடு பொருத்திப் பார்த்து, கேட்டும் உறுதிசெய்துகொண்டேன். பதினான்காம் கேசட்டின் ஒன்பதும் முழுதாகத் தப்பியிருந்தன, கடைசியாக எழுதப்பட்டது அதுதானே. பதின்மூன்றிலிருந்து இரண்டு, பன்னிரண்டிலிருந்து ஒன்று. இந்த மூன்று கேசட்டுகளின் 32 ஃபைல்களில் மீதி 20 போய்விட்டன.

இப்போது நானே Mp3tag என்ற டேக் திருத்தும் மென்பொருளை வைத்துச் செய்கிறேன். முதல் வேலையாக, டிஸ்க்கின் நகலில் எல்லா ஃபைல்களையும் தேர்ந்தெடுத்து Actions-இல் Format value என்பதை எடுத்து, `OLDNAME` என்று ஒரு புதுப் புலத்தில் `%_path%` என்று போட்டுவிடுகிறேன். பழைய பெயரும் ஃபோல்டரும் ஃபைலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். அப்புறம் பெயர் சரியாக உள்ள ஃபோல்டர்களை மட்டும் தனியாக எடுத்து, Convert-இல் Filename - Tag மூலம் பெயரிலிருந்து டேக்கை நிரப்புகிறேன்:

```
%album%\%track% - %title%
```

இதில் ஃபோல்டர் பெயரே ஆல்பம் ஆகிவிடும். என் கேசட்டுகளுக்கு இந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும். `Track 03` எல்லாம் அன்றே மறைந்திருக்கும். டேக் சரியாக இருக்கும் ஆல்பங்களுக்குத்தான் எதிர்த்திசையில், டேக்கிலிருந்து பெயர்.

பெயரை மாற்றும் முன் இன்னொன்று. Mp3tag காட்டும் ஃபைல் பட்டியலில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, அதன் மதிப்பாக `%albumartist% - %album% - $num(%track%,2) - %title%` என்று கொடுத்தால், வரப்போகும் பெயர் எதையும் மாற்றாமலே கண்முன் தெரியும். அந்த நெடுவரிசையின்படி வரிசைப்படுத்தினால் ஒரே பெயர் வரக்கூடியவை அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒரு ஜோடி தெரிந்தாலும் மேலே போகாதீர்கள். இரண்டு டிஸ்க் ஆல்பமாக இருந்தால் டிஸ்க் எண்ணையும், இரண்டு பதிப்பாக இருந்தால் ஆல்பம் பெயரில் வருடத்தையும் சேர்த்துப் பிரித்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். மாற்றியதும் எண்ணிக்கை முன்பிருந்ததேதானா என்று பாருங்கள். அட்டைப்படத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும்.

வேறு ஒருவரிடம்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நகலைக் கொடுங்கள். மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் இரண்டு ஃபோல்டர் மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். அதில் ஒன்று, எந்தத் தரவுத்தளத்திலும் இருக்க முடியாத உங்கள் சொந்தப் பதிவாக இருக்கட்டும்.

அந்தப் பிளேலிஸ்ட்டை நான் அழிக்கவில்லை. ஃபோனில் திறந்தால் 12, 13ஆம் கேசட்டுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. 20 வரிகள் மங்கலாகத் தெரிகின்றன. தொட்டால் ஃபைல் இல்லை என்கிறது.