பேங்க் டிஎஸ்ஆரா, வீட்டுக் கணக்கா: எவ்ளோ கடன் தாங்கும்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் வீட்டுக்காரியும் பிறை பக்கம் வீடு பார்க்க ஆரம்பிச்சப்ப, ஏஜென்ட் அண்ணன் என் பே ஸ்லிப்ப ஒரு தடவ பார்த்துட்டு “தம்பி, உங்களுக்கு 500,000 வெள்ளி வரைக்கும் லோன் கிடைக்கும்”னு சொன்னாரு. அவர் சொன்னது பொய் இல்ல, பேங்க்ல கேட்டப்பவும் கிட்டத்தட்ட அதே நம்பர்தான் வந்துச்சு. ஆனா கிடைக்கிற கடனும் தாங்குற கடனும் ஒண்ணு இல்ல. அன்னிக்கு ராத்திரி சமையல்கட்டு மேசையில 555 புத்தகத்தத் திறந்து வெச்சு நாங்களே போட்ட கணக்குல வெறும் 197,000 தான் வந்துச்சு. அந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுறேன்.

முதல்ல பேங்க் கணக்கு. மாசா மாசம் கட்டுற கடன் தவணை எல்லாத்தையும் கூட்டி, கைக்கு வர்ற சம்பளத்தால வகுத்தா வர்ற சதவீதம்தான் டிஎஸ்ஆர். கைக்கு வர்றதுன்னா இபிஎப், சொக்சோ, வருமான வரி எல்லாம் கழிச்ச பிறகு. எனக்கு அடிப்படை 6,500, கைக்கு ஏறக்குறைய 5,500. கார் 720, பிடிபிடிஎன் படிப்புக் கடன் 150, கிரெடிட் கார்டுல 3,000 பாக்கி இருந்ததால அதோட 5 சதவீத மினிமம் 150, ஆக மொத்தம் 1,020. அந்த பேங்க் எனக்கு வெச்ச உச்சவரம்பு 60 சதவீதம் (இது பேங்குக்கு பேங்க், சம்பளத்துக்கு சம்பளம் மாறும்), அதாவது 3,300. அதுல 1,020 போனா புது வீட்டுத் தவணைக்கு 2,280 மிச்சம். 4.2 சதவீத வட்டி, 35 வருஷம்னா ஒவ்வொரு 100,000 வெள்ளிக்கும் மாசம் 455 வரும், அப்படிப் பார்த்தா 500,000.

இந்தக் கணக்குக்கு ஒரு நல்லது இருக்கு, லோன் பாஸ் ஆகுமா ஆகாதானு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். நம்ம பேர்ல இருக்கிற கடனக் காட்டுற பேங்க் நெகாராவோட சிசிரிஸ் ரிப்போர்ட்ட ஆன்லைன்ல இலவசமாவே எடுத்துப் பார்த்துக்கலாம், பேங்க் பார்க்கிற கடன் விவரம் பெரும்பாலும் அதுலயே இருக்கும். அதுக்கு மேல எனக்கு இதுல நம்பிக்கை இல்ல.

முதல் காரணம், மேல கூட்டுற பட்டியல்ல என்னென்ன சேருதுங்கறது. பேங்குக்குக் கடன்னா இன்னொரு பேங்க்லயோ பிடிபிடிஎன்லயோ இருக்கிறது. ஆனா சுங்கைப் பட்டாணில இருக்கிற அம்மாவுக்கு மாசம் 500 அனுப்புறேன், அத நிறுத்த முடியுமா? எந்த ரிப்போர்ட்லயும் அது இல்ல, ஆனா கார் தவணைய ஒரு மாசம் தள்ளினாலும் தள்ளுவேன், அத தள்ள மாட்டேன். இன்சூரன்ஸ் 280, நிறுத்தினா பாலிசி போயிடும். காருக்கு ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் வருஷத்துக்கு ஒரு தடவ 1,560 வருது, அது வர்ற மாசம் மட்டும் குதிக்கிறோம், மத்த பதினோரு மாசம் அப்படி ஒரு செலவு இருக்கிறதே ஞாபகம் இல்ல, பன்னெண்டால வகுத்தா மாசம் 130. இந்த மூணையும் சேர்த்தா 1,020 ஆ இருந்தது 1,930 ஆயிடுச்சு. அப்புறம் புது வீடே கூட்டிட்டு வர்ற செலவு வேற இருக்கு, நான் பார்த்த கொண்டோவுல மெயின்டனன்ஸும் சிங்கிங் பண்டும் 300, வாசல் வரி, நில வரி எல்லாம் மாசக் கணக்குல 50. ஆக, வீட்டுத் தவணை ஒரு காசு கட்டுறதுக்கு முன்னாடியே 2,280 போயாச்சு.

இப்ப அதே 500,000 கடன இந்தப் பட்டியல்ல வெச்சுப் பாருங்க. தவணை 2,274, மொத்தம் 4,554. பேங்க் கணக்குல 60 சதவீதம்னு காட்டின அதே கடன் இங்க 83 சதவீதம். மிச்சம் 946 வெள்ளில அரிசி, பெட்ரோல், பாலம் டோல், பிள்ளைக்கு பால் மாவு, கரண்ட் பில்லு எல்லாம் ஓட்டணும். வீட்டுக்காரி அந்த 946ஐ பேனாவால சுத்தி வட்டம் போட்டுட்டு ஒண்ணும் பேசாம புத்தகத்த என் பக்கம் தள்ளினா.

அதுக்கு மேல வட்டி. நம்ம ஊர் வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் பேங்க் நெகாரா வைக்கிற அடிப்படை வட்டியான ஓபிஆர் கூடவே ஏறி இறங்கும். 2022 மே மாசம் தொடங்கி 2023 மே வரைக்கும் ஓபிஆர் 1.75ல இருந்து 3.00 ஆச்சு, ஒரே வருஷத்துல ஒண்ணே கால் சதவீதம். அதனால நான் தவணைய இன்னிக்கு வட்டியில போடாம ஒரு சதவீதம் கூட்டி 5.2ல போட்டேன், 100,000க்கு 455 இல்ல, 518. அந்த 500,000க்கு மாசம் 314 வெள்ளி கூடும், 946 அப்ப 632 ஆயிடும்.

அடுத்தது கீழ வகுக்கிற சம்பளம். பாயான் லெப்பாஸ் பேக்டரில ஓவர்டைம் இருக்கிற மாசம் எனக்கு 7,400 வரைக்கும் வரும், பேங்க்ல அதுல ஒரு பங்க சேர்த்துக்கவும் தயாரா இருந்தாங்க. நான் சேர்க்கல. ஆர்டர் குறைஞ்சா முதல்ல வெட்டுறது ஓவர்டைம்தான், வீட்டுத் தவணை மட்டும் குறையாது.

ஆக வீட்டுக் கணக்கு இதுதான்: விட முடியாத செலவு எல்லாம் மேல, நிச்சயமான சம்பளம் மட்டும் கீழ, வட்டி ஒண்ணு கூட்டி, உச்சவரம்பு அதே 60. 3,300ல 2,280 போனா 1,020, அத 518 கணக்குல பார்த்தா அந்த 197,000. அதுக்கு எங்களுக்குப் பிடிச்ச வீடு கிடைக்காது.

இங்கதான் இந்தக் கணக்கு எனக்கு வழி காட்டுச்சு. எந்தக் கடன முடிச்சா சதவீதம் அதிகமா இறங்கும்னு பார்த்தோம். வட்டிய மட்டும் பார்த்தா கார்டுதான் முதல், அத முடிக்கணும், முடிச்சோம், ஆனா அதனால குறைஞ்சது 150 தான். காருக்கு பதினோரு தவணைதான் பாக்கி, 7,920 வெள்ளி, அது முடிஞ்சா மாசம் 720 விடுதலை. பிடிபிடிஎன்ல பாக்கி நிறைய, தவணை 150 தான், அத தொடவே இல்ல. ஒரு வருஷம் பொறுத்தோம். 870 குறைஞ்சதும் தவணைக்கு இடம் 1,890 ஆச்சு, 5.2லயே போட்டாலும் 365,000 வரைக்கும் தாங்கும்னு வந்துச்சு. கடைசில எடுத்தது 340,000, தவணை 1,546. பேங்க் கணக்குல இது 31 சதவீதம், எங்க கணக்குல 54, வட்டி ஒண்ணு ஏறினா 58.

அந்த 60ங்கற கோடு எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். கைக்கு 5,500 வர்ற எனக்கு 40 சதவீதம் மிச்சம்னா 2,200, மூணு பேருக்குப் போதும். 3,000 வாங்குறவருக்கு அதே 40 சதவீதம் 1,200 தான், அவர் 50ல நிக்கிறது நல்லது. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து கடன் எடுக்கிறது பத்தி எனக்கு அனுபவம் இல்ல, ஆனா நான் அப்படி எடுத்தா ஒருத்தர் சம்பளம் நின்னாலும் எத்தன மாசம் ஓட்டலாம்னு தனியா ஒரு பக்கம் போட்டுப் பார்ப்பேன். கமிஷன்ல, சொந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு வகுக்கிற நம்பரே மாசா மாசம் மாறும், நான் சம்பளக்காரன், வருஷத்துல குறைச்சலா வந்த மூணு மாசத்தோட சராசரிய எடுப்பேனோ என்னவோ, அத செஞ்சு பார்த்தவங்கதான் சரியா சொல்ல முடியும்.

555 புத்தகத்துல அந்தப் பக்கம் இன்னும் இருக்கு. ரோட் டேக்ஸ் வர்ற மாசம் எடுத்து நம்பர மாத்தி எழுதுவோம், இந்த வருஷம் அம்மாவுக்கு 600 ஆச்சு, 54 இப்ப 56.