ராஜினாமாக் கடிதத்தால் நான் இழந்த 8,000 ரியால்

துபாயிலிருந்தும் ரியாத்திலிருந்தும் எனக்கு ஒரே நேரத்தில் வேலை வந்தது. இரண்டிலும் மொத்தச் சம்பளம் மாதம் 6,000. திர்ஹமுக்கும் ரியாலுக்கும் மதிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையை ஏஜென்ட் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டி, ரியாத்தே மேல் என்றார். நானும் அங்கேயே சேர்ந்தேன். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் பாதியைத்தான் காட்டினார் என்பது நான்கு ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே உண்டு. துபாய் வேலையில் அது 2,400 தான். மீதி வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம் என்பதால், நான்கு ஆண்டுகளுக்கு 6,720 திர்ஹம் வரும். சவூதியிலோ படிகளையும் சேர்த்து ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், ஆக 12,000 ரியால். அவர் சொல்லாமல் விட்டது இதுதான்: சவூதியில் தொழிலாளி தானே ராஜினாமா செய்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒன்றும் கிடைக்காது, ஐந்து ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு, அதன் பிறகே முழுத்தொகை. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு ராஜினாமாவால் இந்த வெட்டு விழாது.

என் இரண்டாவது ஒப்பந்தம் முடியும் தறுவாயில் நான் விலக விரும்பினேன். ஒப்பந்தம் தானாக முடிவது ராஜினாமா ஆகாது. புதுப்பிக்க விருப்பமில்லை என்று முன்னறிவிப்புக் கொடுத்தாலே போதும். ஆனால் நிறுவன அலுவலர், "நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும் ஃபைனல் எக்ஸிட் விசா போட ராஜினாமாக் கடிதம் வேண்டும், வெறும் நடைமுறைதான்" என்றார். நம்பிக் கையெழுத்திட்டேன். இறுதிக் கணக்கில் 4,000 ரியால்தான் வந்தது. நான் கேட்டபோது, என் கடிதத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

விடுமுறையையும் நான் ஒப்பிடவில்லை. அமீரகத்தில் ஆண்டுக்கு 30 நாள். சவூதியில் முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்தது 21 நாள். நான்கு ஆண்டுகளில் 36 நாள் குடும்பத்தோடு இருந்திருக்கலாம் என்பதுதான் பணத்தைவிட எனக்கு வலிக்கிறது.

சவூதியில் ஓராண்டுக்குப் பின், வேலை கொடுத்த கஃபீலின் சம்மதமின்றியே வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றும் ஏஜென்ட் சொன்னார். 2021 மார்ச் முதல் பெரும்பாலான தனியார் துறைப் பணியாளர்களுக்கு அது உண்மைதான். வீட்டுப் பணியாளர்களுக்கு அந்தச் சீர்திருத்தம் பொருந்தாது. ஆனால் ஒப்பந்தத்தின் நடுவே நாமாக விலகினால் அதே வெட்டு விழும், புதிய நிறுவனத்தில் பணிக்காலம் முதல் நாளிலிருந்தே தொடங்கும்.

ஆகவே இரு நாட்டு வேலைகளை ஒப்பிடும்போது, அடிப்படைச் சம்பளத்தைத் தனியே கேட்டு வாங்குங்கள். நீங்களாக விலகினால் எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்து விலகினால் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் போடுங்கள். சவூதியில் ஒப்பந்த முடிவில் ராஜினாமாக் கடிதம் கேட்டால் கொடுக்காதீர்கள். "ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பவில்லை" என்று மட்டும் உரிய காலத்துக்குள் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.