முதலில் ஏழு அடுக்கா, முதலில் வயர்ஷார்க்கா? இரண்டு மணி நேர வகுப்புக்கு இரண்டு திட்டங்கள்

நெட்வொர்க் அடுக்குகளை முதல்முறையாக அறிமுகப்படுத்த 120 நிமிடம் கையில் இருக்கிறது. மாணவர்களிடம் லேப்டாப் இருக்கிறது, வயர்ஷார்க் நிறுவலாம். இந்த நேரத்தைச் செலவிட வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் பலகையில் வரைந்து விளக்கிவிட்டு, பிற்பாதியில் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டுவது ஒன்று. உள்ளே வந்ததும் பாக்கெட்டைப் பிடிக்க வைத்து, அதைப் பிரித்துப் பார்த்தபடியே அடுக்குகளுக்குப் பெயர் சூட்டுவது இன்னொன்று. என் வாக்கு இரண்டாவதற்குத்தான். ஆனால் முதலாவதை எல்லா இடத்திலும் தள்ளிவிட முடியாது.

முதல் திட்டத்தின் சிக்கல் பிற்பாதியில்தான் தெரியவரும். ஏழு பெயர்களையும் மனப்பாடம் செய்துவிட்டு வயர்ஷார்க்கைத் திறக்கும் மாணவருக்கு நடுப்பலகத்தில் ஐந்தே வரிகள் தெரியும்: Frame, Ethernet II, Internet Protocol, Transmission Control Protocol, Hypertext Transfer Protocol. அதிலும் Frame என்ற முதல் வரி நெறிமுறையே அல்ல, எப்போது பிடித்தோம், எத்தனை பைட் என்று வயர்ஷார்க் தானாக எழுதிக்கொள்ளும் குறிப்பு. "சார், செஷன் லேயர் எங்கே? பிரசன்டேஷன் லேயர் எங்கே?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஓஎஸ்ஐ 1984-இல் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்தது, இன்டர்நெட் அந்த வரைபடத்தைப் பார்த்துக் கட்டப்பட்டதல்ல என்று விளக்க வேண்டியிருக்கும். நல்ல விளக்கம்தான், ஆனால் அதற்குள் சோதனைக்கான நேரம் கரைந்துவிடும்.

இரண்டாவது திட்டத்தில் மாணவர் முதலில் பார்ப்பது தன் கணினி அனுப்பிய ஒரே ஒரு பாக்கெட்டை. பிரவுசரைத் திறந்தால் பின்னணியில் நூறு இணைப்புகள் ஓடும், எது யாருடையது என்று புரியாது. அதனால் curl போதும்:

```
curl -4 http://example.com/
```

அந்த `-4` முக்கியம். அது இல்லாவிட்டால் சிலருக்கு ஐபிவி6-இல் இணைப்பு போகும். அந்த ஹெட்டரே 40 பைட் என்பதால் பலகையில் போடும் கணக்கு வகுப்பில் பாதிப் பேருக்கு ஒத்துவராது. வயர்ஷார்க்கின் மேல்பட்டையில் `http` என்று வடிகட்டினால் GET வரியோடு ஒரு பாக்கெட் நிற்கும்.

இனி அதைப் பிரிக்கலாம். உபுண்டு 24.04-இல் உள்ள curl 8.5.0 அனுப்பும் கோரிக்கை 74 பைட். அதன் முன்னால் டிசிபி ஹெட்டர் 32 (அடிப்படை 20, நேரமுத்திரை முதலான விருப்பப் பகுதி 12), அதன் முன்னால் ஐபி 20, எல்லாவற்றுக்கும் முன்னால் ஈதர்நெட் 14. கூட்டினால் 140. திரையில் Length பத்தியிலும் 140 என்றே இருக்கும். நடுப்பலகத்தில் ஒவ்வொரு வரியாகச் சொடுக்கினால் கீழே ஹெக்ஸ் பகுதியில் அந்தந்த பைட்கள் மட்டும் ஒளிரும். விண்டோஸில் நேரமுத்திரை பெரும்பாலும் இருக்காது, curl பதிப்பும் வேறாக இருக்கலாம், மொத்தம் மாறும். மாறட்டும், அவரவர் திரையில் உள்ள நான்கு எண்களை அவரவரே கூட்டிச் சரிபார்க்கட்டும். இதற்கு 35 நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்த அரைமணிதான் இந்தத் திட்டத்தின் உயிர். ஆசிரியர் தன் லேப்டாப்பில் ஒரு சிறு சர்வரை ஓட்டுகிறார். அவருடைய முகவரி 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்.

```
python3 -m http.server 8080
```

மாணவர்கள் இப்போது அதே வேலையை அறைக்குள்ளேயே செய்கிறார்கள்:

```
curl http://192.168.1.10:8080/
```

மொத்தம் 146. ஆறு பைட் கூடியது எங்கே? Host வரியில் example.com-க்குப் பதில் நீளமான முகவரி வந்திருக்கிறது, அவ்வளவுதான். 14, 20, 32 மூன்றும் அசையவில்லை. மேலடுக்கில் என்ன மாறினாலும் கீழடுக்குகள் கண்டுகொள்வதில்லை என்பதை மாணவர் தானே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்கிறார். அப்புறம் இரண்டு பாக்கெட்டிலும் சேருமிட மேக் முகவரியை ஒப்பிடச் சொல்லுங்கள். அறைக்குள் போனதில் அது ஆசிரியருடைய லேப்டாப்பின் முகவரி. வெளியே போனதில் சேருமிட ஐபி தொலைதூர சர்வருடையது, சேருமிட மேக் மட்டும் அறையின் ரூட்டருடையது. ஈதர்நெட்டின் பொறுப்பு அடுத்த நிறுத்தம் வரை, ஐபியின் பொறுப்பு கடைசி வரை. முதல் திட்டத்தில் இதை வாயால் சொல்லலாம். ஆனால் கேட்பவரிடம் இரண்டு பாக்கெட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்த அனுபவம் இருக்காது.

அடுத்து இருபது நிமிடம், முதல் கட்டளையிலேயே http-ஐ https ஆக்கி மறுபடி ஓட்டலாம். `tcp.port == 443` என்று வடிகட்டினால் கீழ் மூன்று அடுக்கும் அப்படியே இருக்க, அவற்றுக்கு மேலே டிஎல்எஸ் ஏறி உட்கார்ந்திருக்கும், GET வரியைப் படிக்க முடியாது. ஆனாலும் Client Hello பாக்கெட்டில் example.com என்ற பெயர் வெளிப்படையாகத் தெரியும். பூட்டு எந்த அடுக்கில் போடப்படுகிறது, எது பூட்டுக்கு வெளியே நிற்கிறது என்பதைப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஏழு அடுக்குப் படத்தைக் கடைசி 20 நிமிடத்தில் வரைந்தால் போதும். அப்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுத மாணவரிடம் ஏதோ ஒன்று இருக்கும், காலியாக நிற்கும் கட்டங்களும் அவர்களை மிரட்டாது.

சரி, இந்தத் திட்டம் எங்கே சறுக்கும்? தொடக்கத்து 15 நிமிடத்தில். லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பட்டியலில் வைஃபையோ ஈதர்நெட்டோ வராவிட்டால் அனுமதிச் சிக்கலாகத்தான் இருக்கும். பயனரை wireshark குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும், பலர் தவறவிடுவது இதைத்தான். விண்டோஸில் என்றால் Npcap இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் பெயருக்கு எதிரே உள்ள கோடு தட்டையாகவே கிடந்தால் அது தவறான இன்டர்ஃபேஸ். கல்லூரி வைஃபை பலவற்றில் ஒரு லேப்டாப் இன்னொன்றோடு பேசத் தடை இருக்கும். அங்கே ஆசிரியரின் சர்வர் எட்டாது, curl பதிலில்லாமல் நின்று தோற்றுப்போகும். முந்தின நாளே சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் சிறிய சுவிட்ச் ஒன்றையோ தனி ரூட்டரையோ கொண்டுபோங்கள்.

வைஃபையில் பிடித்தாலும் திரையில் Ethernet II என்றே வருவது ஒரு சின்னப் பொய். காற்றில் போவது 802.11 சட்டகம், டிரைவர் அதை மாற்றித் தருகிறது. முதல் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரலாம். பெரிய கோப்பை இறக்கிப் பார்க்கும் ஆர்வக்கோளாறு மாணவருக்கு வழக்கமான உச்ச நீளமான 1514 பைட்டைத் தாண்டிய நீளங்களும் தெரியும். பாக்கெட்டுகளை வெட்டுவதிலும் சேர்ப்பதிலும் நெட்வொர்க் கார்டும் கெர்னலும் பங்கு போட்டுக்கொள்வதால் வருவது அது, கம்பியில் அவ்வளவு பெரிதாகப் போகவில்லை.

லேப்டாப்பில் நிறுவ அனுமதியே கிடைக்காத ஆய்வகமாக இருந்தாலோ, அடுத்த வாரத் தேர்வில் "ஏழு அடுக்குகளை விளக்குக" என்று 16 மதிப்பெண் காத்திருந்தாலோ நான் முதல் திட்டத்தையே எடுப்பேன். அப்போதும் மேலே சொன்ன மூன்று curl கட்டளைகளையும் என் கணினியில் ஓட்டி, மூன்று pcapng கோப்புகளாகச் சேமித்து, புரொஜெக்டரில் திறந்து காட்டுவேன். நேரடிப் பிடிப்பில் கிடைக்கும் "இது என் பாக்கெட்" என்ற உரிமை அதில் வராது. ஆனால் 140-க்கும் 146-க்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே தேடிக் கண்டுபிடிக்க அது போதும்.